மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மாற்றப்பட்டுவிட்ட இன்ஸ்டாகிராம் கணக்கை மீட்பது எப்படி?

மந்தைவெளி மீனா | புதன், காலை 8:15

அனைவருக்கும் வணக்கம். அம்மா எங்கள் வீட்டு மொட்டை மாடியில் போடும் வடகம், வற்றல், அப்பளம் ஆகியவற்றை ஐந்து ஆண்டுகளாக ஓர் இன்ஸ்டாகிராம் கணக்கின் வழியாகத்தான் விற்று வருகிறோம். நேற்று இரவு முதல் அந்தக் கணக்கு எங்கள் கையில் இல்லை.

நேற்று மாலை 7 மணியளவில், எங்களிடம் வழக்கமாக வாங்கும் ஒரு தோழியின் கணக்கிலிருந்து செய்தி வந்தது. தான் ஒரு போட்டியில் கலந்துகொண்டிருப்பதாகவும், என் கைபேசிக்கு எஸ்.எம்.எஸ். மூலம் ஓர் இணைப்பு வரும் என்றும், அதை அழுத்தாமல் ஸ்கிரீன்ஷாட் மட்டும் எடுத்து அனுப்பினால் அது தனக்கு ஒரு வாக்காகச் சேரும் என்றும் எழுதியிருந்தார். அழுத்தவே வேண்டாம் என்று சொன்னதால் எனக்குச் சந்தேகம் வரவில்லை, அனுப்பிவிட்டேன். இரவு 9 மணிக்கு மயிலாப்பூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்து, "5,000 ரூபாய் போட்டால் ஒரு மணி நேரத்தில் 50,000 கிடைக்கும் என்று உங்கள் ஸ்டோரியில் போட்டிருக்கிறீர்களே, உண்மையா?" என்று கேட்ட பிறகுதான் செயலியைத் திறந்தேன். அது கடவுச்சொல் கேட்டது. பழைய கடவுச்சொல்லை ஏற்கவில்லை. மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் மாற்றப்பட்டுவிட்டன. அம்மா இரவெல்லாம் உறங்கவில்லை. எங்கிருந்து தொடங்குவது என்று யாராவது சொல்ல முடியுமா?

ஆர்.வி.எஸ்., பெரம்பூர் | புதன், காலை 8:50

அம்மா, கைபேசி எண் மாற்றப்பட்டது என்றால் உங்கள் சிம் கார்டை வேறு யாரோ தங்கள் பெயருக்கு வாங்கிவிட்டார்கள் என்று பொருள். உடனே ஆதார் அட்டையுடன் உங்கள் தொலைபேசி நிறுவனத்தின் கடைக்குச் சென்று அதே எண்ணில் மாற்றுச் சிம் கேளுங்கள். என் மைத்துனருக்கு இப்படித்தான் நடந்தது. காலையில் கைபேசியில் சிக்னல் போனது, மாலைக்குள் வங்கியிலிருந்து பணம் போனது. தாமதிக்க வேண்டாம்.

கண்ணன், தரமணி | புதன், காலை 9:35

மீனா அவர்களே, கடைக்குச் செல்வதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். உங்கள் கைபேசியில் சிக்னல் இருக்கிறதா, அழைப்புகள் வருகின்றனவா? வாடிக்கையாளர் நேற்று இரவு உங்களை அழைத்துப் பேசியிருக்கிறார் என்பதால் சிம் உங்களிடம்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். ஆர்.வி.எஸ். ஐயா சொல்லும் ஆபத்து உண்மையானது, ஆனால் அது வேறு நோய். இங்கே மாறியிருப்பது உங்கள் சிம் அல்ல. உங்கள் எண் எழுதப்பட்டிருந்த இடத்தில் திருடன் தன் எண்ணை எழுதிவிட்டான்.

நடந்தது இதுதான். உங்கள் தோழியின் கணக்கு முன்பே பறிபோயிருக்கிறது. அதைக் கையில் வைத்திருப்பவன், உள்நுழையும் பக்கத்தில் உங்கள் பயனர் பெயரைக் கொடுத்து "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்பதை அழுத்தினான். இன்ஸ்டாகிராம் தன் வழக்கப்படி உங்கள் கைபேசிக்கு மீட்பு இணைப்பு ஒன்றை அனுப்பியது. அந்த இணைப்பின் எழுத்துகளை ஸ்கிரீன்ஷாட்டில் பார்த்து அவன் தன் உலாவியில் தட்டச்சு செய்தால் போதும், கடவுச்சொல் இல்லாமலே உள்ளே வந்துவிடலாம். நீங்கள் அழுத்தவே கூடாது என்று அவன் வற்புறுத்தியதற்குக் காரணம், ஒரு முறை பயன்படுத்தப்பட்டால் அந்த இணைப்பு அவனுக்கு உதவாமல் போய்விடும் என்பதுதான்.

இப்போது எனக்கு ஒன்று தெரிய வேண்டும், மற்றவை அனைத்தும் அதைப் பொறுத்தவை. உங்கள் மின்னஞ்சல் பெட்டி இன்னும் உங்களுக்குத் திறக்கிறதா? "மின்னஞ்சல் மாற்றப்பட்டது" என்று பலரும் இரண்டு வேறு நிலைகளைச் சொல்கிறார்கள். முதல் நிலையில், இன்ஸ்டாகிராம் கணக்கில் பதிந்திருந்த முகவரி மட்டும் மாறியிருக்கும். பெட்டி உங்களிடமே இருக்கும். இரண்டாம் நிலையில், ஜிமெயில் பெட்டியே அவன் கையில் இருக்கும். முதல் நிலை என்றால், security@mail.instagram.com என்ற முகவரியிலிருந்து, உங்கள் மின்னஞ்சல் மாற்றப்பட்டதாக ஓர் அறிவிப்பு உங்கள் பழைய பெட்டிக்கு வந்திருக்க வேண்டும். அந்த மாற்றத்தைச் செய்தது நீங்கள் அல்ல என்று சொல்லித் திருப்பிக்கொள்வதற்கான இணைப்பு அதற்குள்ளேயே இருக்கும். அது என்றென்றும் வேலை செய்யாது என்பதால் இப்போதே தேடுங்கள்.

மந்தைவெளி மீனா | புதன், காலை 10:20

சார், சிக்னல் இருக்கிறது. ஜிமெயிலும் திறக்கிறது. ஆனால் நீங்கள் சொல்லும் கடிதம் இன்பாக்ஸிலும் இல்லை, ஸ்பேமிலும் இல்லை.

சுபா, அண்ணா நகர் | புதன், காலை 10:45

மீனா, இதைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தயவுசெய்து குப்பைத் தொட்டியையும் பாருங்கள். அதோடு, ஜிமெயிலின் அமைப்புகளில் வடிகட்டிகள் என்ற பகுதியைக் கணினியில் திறந்து பாருங்கள். கைபேசிச் செயலியில் அது தென்படாது.

சென்ற ஆண்டு என் கணக்கு போனபோது, கடவுச்சொல்லை மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் ஒரு நாளைக்குள் மீண்டும் போனது. கடைசியில் என் தம்பிதான் கண்டுபிடித்தான். "instagram" என்ற சொல் இருக்கும் எந்தக் கடிதம் வந்தாலும் நேராகக் குப்பைத் தொட்டிக்கு அனுப்பும்படி ஒரு வடிகட்டி என் பெட்டியில் போடப்பட்டிருந்தது. அதை நான் போடவில்லை. அறிவிப்புகள் எல்லாம் வந்துகொண்டுதான் இருந்திருக்கின்றன, என் கண்ணில் மட்டும் படவில்லை. நான் எல்லாத் தளங்களிலும் ஒரே கடவுச்சொல்லை வைத்திருந்தேன், அதனால்தான் ஜிமெயிலும் சேர்ந்து போனது.

மந்தைவெளி மீனா | புதன், காலை 11:30

சுபா அக்கா, என் கை நடுங்குகிறது. குப்பைத் தொட்டியில் நான்கு கடிதங்கள் இருக்கின்றன. 7:21க்கு மீட்பு இணைப்பைப் பற்றியது, 7:26க்கு மின்னஞ்சல் மாற்றப்பட்டது, 7:28க்குக் கைபேசி எண் நீக்கப்பட்டது, 7:33க்கு இரண்டடுக்குப் பாதுகாப்பு இயக்கப்பட்டது. ஆனால் வடிகட்டி எதுவும் இல்லை. அம்மாவின் கைபேசியிலும் இதே ஜிமெயில் திறந்திருக்கிறது. விளம்பரக் கடிதம் என்று நினைத்து அம்மாவே அழித்துவிட்டார்களாம். இப்போது 7:26 கடிதத்தின் இணைப்பை அழுத்தட்டுமா?

கண்ணன், தரமணி | புதன், காலை 11:42

சற்றுப் பொறுங்கள். அழுத்துவதற்கு முன் ஐந்து நிமிடம் ஜிமெயிலுக்குச் செலவிடுங்கள். கூகுள் கணக்கில் பாதுகாப்புப் பகுதிக்குச் சென்று, உள்நுழைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில் உங்களுடையதும் அம்மாவுடையதும் தவிர வேறு ஏதும் இருந்தால் வெளியேற்றுங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். கடிதங்கள் வேறு முகவரிக்குத் தானாக அனுப்பப்படும்படி அமைப்பு ஏதேனும் இருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு கடவுச்சொல்லை மாற்றுங்கள். பெட்டி ஒழுகிக்கொண்டிருக்கும்போது இன்ஸ்டாகிராமைத் திருப்பி வாங்கினால், புதிய மீட்பு இணைப்பையும் அவன் உங்களோடு சேர்ந்து படிப்பான்.

குப்பைத் தொட்டியில் ஜிமெயில் 30 நாட்கள் வரை கடிதங்களை வைத்திருக்கும் என்பதால்தான் இவை உங்களுக்குக் கிடைத்தன. 7:33 கடிதம்தான் எனக்குக் கவலை தருகிறது. அதைப் பற்றிப் பிறகு பேசுவோம்.

இளங்கோ, புரசைவாக்கம் | புதன், மதியம் 12:10

இத்தனை சுற்று வழி எதற்கு? நண்பர்கள், வாடிக்கையாளர்கள் ஐம்பது பேரைச் சேர்த்து, அந்தக் கணக்கு போலியானது என்று ஒரே நேரத்தில் புகாரளிக்கச் சொல்லுங்கள். கணக்கு முடங்கிவிடும், திருடனுக்குப் பயன்படாது. பிறகு புதிய கணக்கு தொடங்கிக்கொள்ளலாம். மக்களை எச்சரிப்பதும் முக்கியம் அல்லவா? இன்னொன்று, நீங்கள் எந்தக் கணக்கானாலும் உள்நுழைவுப் பட்டியலில் இருக்கும் ஊரைப் பாருங்கள். என்னுடையதில் பெங்களூரு என்று காட்டியது. நான் அங்கு போனதே இல்லை. உடனே எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன்.

கண்ணன், தரமணி | புதன், மதியம் 12:40

இளங்கோ, எச்சரிப்பது முக்கியம் என்பதில் நீங்கள் சொல்வது முற்றிலும் சரி. வாட்ஸ்அப் மூலமாக எல்லா வாடிக்கையாளர்களுக்கும் இப்போதே தகவல் சொல்ல வேண்டும். மோசடியாகப் போடப்பட்ட அந்த ஸ்டோரியைத் தனியாகப் புகாரளிப்பதிலும் தவறில்லை. ஆனால் முழுக் கணக்கையும் போலி என்று புகாரளித்து முடக்கவைத்தால், மீனா இரண்டு வழக்குகளை நடத்த வேண்டியிருக்கும்: கணக்கு தன்னுடையது என்று ஒன்று, விதியை மீறியது தான் அல்ல என்று மற்றொன்று. இரண்டாவது முதலாவதைவிடக் கடினமாக இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

ஊர்ப் பெயரைப் பற்றி ஒரு சொல். அது இணைய முகவரியைக் கொண்டு ஊகிக்கப்படுவது. சென்னையில் கைபேசி இணையத்தைப் பயன்படுத்துபவருக்குப் பெங்களூரு என்றோ மும்பை என்றோ காட்டுவது சாதாரணம். ஊரைவிடக் கருவியின் பெயரையும் நேரத்தையும் நம்புங்கள். உங்களிடம் இல்லாத மாதிரிக் கைபேசி, நீங்கள் உறங்கிய நேரத்தில் உள்நுழைந்திருந்தால் அது அடையாளம். அதைவிட முந்தைய அடையாளம், நீங்கள் கேட்காமலே வரும் மீட்பு இணைப்பு. அது வந்ததாலேயே கணக்கு போய்விடவில்லை. யாரோ வாசலில் நின்று கதவைத் தட்டுகிறார்கள், அவ்வளவுதான். தட்டுபவருக்கு யார் சாவி கொடுத்தாலும் கதவு திறந்துவிடும்.

மந்தைவெளி மீனா | புதன், பிற்பகல் 3:05

ஜிமெயிலில் வேறு கருவி எதுவும் இல்லை; கடவுச்சொல்லையும் மாற்றிவிட்டேன். பிறகு 7:26 கடிதத்தின் இணைப்பை அழுத்தினேன். புதிய கடவுச்சொல் வைக்கச் சொன்னது, வைத்தேன். கணக்கு திறக்கப் போகிறது என்று அம்மாவைக் கூப்பிட்டேன். உடனே ஆறு இலக்கக் குறியீடு கேட்டது. அது எனக்கு எஸ்.எம்.எஸ். ஆகவும் வரவில்லை, மின்னஞ்சலிலும் வரவில்லை.

இதற்கிடையில் மெட்டா உதவிக் குழு என்ற பெயரில் ஒருவர் என் சொந்தக் கணக்குக்குச் செய்தி அனுப்பி, 3,500 ரூபாய் கட்டினால் இன்றே மீட்டுத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா?

கண்ணன், தரமணி | புதன், பிற்பகல் 3:20

கட்டாதீர்கள். அவருக்குப் பதிலும் எழுதாதீர்கள். கணக்கை இழந்தவர்கள் தங்கள் பக்கத்தில் புலம்புவதைத் தேடிப் பிடித்து வரும் இரண்டாவது திருடன் அவர். மெட்டா நிறுவனம் யாருக்கும் தனிச்செய்தியில் வந்து கட்டணம் கேட்பதில்லை.

அந்த ஆறு இலக்கம்தான் நான் அஞ்சிய 7:33. குறியீடு தரும் செயலியை அவன் தன் கைபேசியில் இணைத்துவிட்டான். கடவுச்சொல் இப்போது உங்களிடம் இருந்தாலும் இரண்டாவது பூட்டின் சாவி அவனிடம் இருக்கிறது. இனி நீங்கள்தான் உரிமையாளர் என்பதை நிரூபிக்கும் வழி மட்டுமே மிச்சம். நீங்கள் எப்போதும் கணக்கைப் பயன்படுத்திய அதே கைபேசியில், வீட்டின் அதே வைஃபையில் இருந்துகொண்டு instagram.com/hacked பக்கத்தைத் திறந்து, கணக்கு திருடப்பட்டது என்பதைத் தேர்ந்தெடுங்கள். குறியீடு கேட்கும் திரையில் வேறு வழியைத் தேடும் தெரிவும் இருக்கும். அதுவும் இங்கேதான் கொண்டுவரும். யாரும் கைவைக்காத ஒரு மின்னஞ்சல் முகவரியைக் கொடுங்கள்.

பிறகு உங்கள் முகம் இருக்கும் படங்கள் கணக்கில் உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்றால், முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி ஒரு சிறு காணொளி எடுக்கச் சொல்வார்கள். அதைக் கணக்கில் உள்ள படங்களோடு ஒப்பிடுவார்கள். இல்லை என்றால், கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல் அல்லது எண்ணையும், அப்போது பயன்படுத்திய கருவியின் வகையையும் கேட்பார்கள்.

மந்தைவெளி மீனா | புதன், பிற்பகல் 3:50

எங்கள் கணக்கில் முகமே கிடையாது. அம்மாவுக்கு வெட்கம். ஐந்து ஆண்டுகளாக அத்தனை படங்களிலும் அம்மாவின் கைகள்தான் இருக்கும். வெள்ளை வேட்டியில் வடகம் பிழியும் கை, பிரண்டை ஆயும் கை. இன்னொரு சிக்கல்: பயனர் பெயரையும் மாற்றிவிட்டான் போலிருக்கிறது. பழைய பெயரைக் கொடுத்தால் அப்படி ஒரு கணக்கே இல்லை என்கிறது.

சுபா, அண்ணா நகர் | புதன், மாலை 4:30

உங்களோடு முன்பு இன்ஸ்டாகிராமில் உரையாடிய வாடிக்கையாளர் யாரையாவது அந்தப் பழைய உரையாடலைத் திறக்கச் சொல்லுங்கள். பெயர் மாறினாலும் உரையாடல் அதே கணக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும். மேலே புதிய பெயர் தெரியும். எனக்கு அப்படித்தான் கிடைத்தது.

ஆனால் ஒரே ஒரு படத்தில்கூட முகம் இல்லையா? ரீல்ஸ், பொங்கல் வாழ்த்து, எதுவுமே இல்லையா? நன்றாக யோசியுங்கள்.

மந்தைவெளி மீனா | புதன், இரவு 7:15

புதிய பெயர் கிடைத்துவிட்டது, நன்றி அக்கா. எங்கள் கடைப் பெயரோடு நான்கு எண்களைச் சேர்த்து வைத்திருக்கிறான்.

யோசித்துப் பார்த்தேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மயிலாப்பூர் தெருவிழாவில் ஒரு கடை போட்டோம். அன்று நான் எடுத்த இரண்டு ரீல்ஸ்களில் அம்மாவின் முகம் நன்றாகத் தெரியும். என் முகம் எதிலும் இல்லை. கணக்கை நடத்துவது நான். காணொளியில் அம்மா வரலாமா?

கண்ணன், தரமணி | புதன், இரவு 8:00

அம்மாதான் வர வேண்டும். படத்தில் இருக்கும் முகத்தோடுதான் ஒப்பிடப்படும். நீங்கள் எடுத்தால் பொருந்தாது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். ரீல்ஸில் கண்ணாடி அணிந்திருந்தார்களா, இல்லையா என்று பார்த்து அதே போல எடுங்கள்.

ஜெயந்தி, பாரிமுனை | வியாழன், காலை 9:10

நான் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். மீட்பு முயற்சியோடு கூடவே புகாரையும் பதிவு செய்யுங்கள், கணக்கு கிடைத்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள். ஸ்டோரியை நம்பி யாராவது பணம் அனுப்பியிருந்தால், பணத்தை இழந்தவரே தாமதமின்றி 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குப் போவதற்குள் நிறுத்திவைக்க முயல்வதுதான் அந்த எண்ணின் பயன். யு.பி.ஐ. பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நீங்கள் உங்கள் பங்குக்கு cybercrime.gov.in தளத்தில் புகார் பதியலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு, மற்றவரின் கடவுச்சொல்லையோ அடையாளத்தையோ மோசடியாகப் பயன்படுத்துவதைப் பற்றியது. மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவது 66டி. அந்த நான்கு கடிதங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள். தேதியும் நேரமும் தெரியும்படி ஸ்டோரியின் படம், பணம் கேட்கப்பட்ட யு.பி.ஐ. முகவரி, கணக்கின் முழு இணைய முகவரி ஆகியவை இருந்தால் புகார் வலுவாக இருக்கும். காவல் நிலையத்தில் நேரில் கொடுத்தால் சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். உங்கள் பெயரில் பணம் கேட்டது நீங்கள் அல்ல என்பதற்கு, நாள் குறிப்பிட்ட சான்று அதுதான்.

மந்தைவெளி மீனா | வெள்ளி, இரவு 9:25

புதன் இரவே அவசரப்பட்டு வீட்டுக் கூடத்தில் குழல் விளக்கின் கீழே எடுத்து அனுப்பினோம். அடையாளம் உறுதியாகவில்லை என்று வியாழன் பதில் வந்தது. இன்று காலை மாடியில் வடகம் காயும் இடத்திலேயே அம்மாவை உட்கார வைத்து, கண்ணாடியைக் கழற்றி மீண்டும் எடுத்தோம். "வலது பக்கம், இடது பக்கம்" என்று திரை சொல்லச் சொல்ல, பெண் பார்க்க வந்தபோதுகூட இப்படித் திரும்பியதில்லை என்றார்கள். இப்போது காத்திருக்கிறோம்.

ஒரு வாடிக்கையாளர் 8,000 ரூபாய் அனுப்பிவிட்டதாகத் தெரிய வந்திருக்கிறது. அடையாறில் தனியாக வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை. "உன் அம்மா பெயரைப் பார்த்துத்தான் அனுப்பினேன்" என்றார். 1930ஐ அழைத்துப் புகார் பதியக் கூடவே இருந்து உதவினேன். ஆனால் பணம் போய் இரண்டு நாட்களுக்கு மேல் ஆகிவிட்டது.

மந்தைவெளி மீனா | ஞாயிறு, காலை 7:40

கணக்கு கிடைத்துவிட்டது! காலை 6:50க்கு மீட்பு இணைப்புடன் கடிதம் வந்தது. அனுப்புநர் முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்த பிறகே அழுத்தினேன். உள்ளே வந்ததும் முதலில் என்ன செய்ய வேண்டும்? வாடிக்கையாளர்களுக்குத் தெரிவிக்கும் பதிவைப் போடத் துடிக்கிறேன்.

கண்ணன், தரமணி | ஞாயிறு, காலை 7:55

மிக்க மகிழ்ச்சி. பதிவு பத்து நிமிடம் காத்திருக்கட்டும். கணக்கு மையத்துக்குச் சென்று முதலில் அவனுடைய மின்னஞ்சலையும் எண்ணையும் நீக்கி உங்களுடையதைச் சேருங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்பில் அவன் இணைத்த செயலி இன்னும் இருந்தால் அதை நீக்கி, உங்கள் செயலியை இணைத்து, புதிய காப்புக் குறியீடுகளை எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். பழைய குறியீடுகள் அவனிடம் இருக்கலாம். அதன் பிறகு, பலரும் பார்க்க மறக்கும் ஓர் இடம்: அதே கணக்கு மையத்தில் உங்கள் கணக்கோடு வேறு ஏதேனும் ஃபேஸ்புக் அல்லது இன்ஸ்டாகிராம் கணக்கு இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடைசியாகக் கடவுச்சொல்லை மாற்றி, எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள்.

மந்தைவெளி மீனா | ஞாயிறு, காலை 8:30

இருந்தது சார். யாரென்றே தெரியாத ஒருவரின் ஃபேஸ்புக் கணக்கு, எங்கள் கணக்குக்குள் நுழையும் அனுமதியோடு இணைக்கப்பட்டிருந்தது. படம் எடுத்து வைத்துக்கொண்டு நீக்கிவிட்டேன். கடவுச்சொல்லை மட்டும் மாற்றியிருந்தால் இதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

இளங்கோ, புரசைவாக்கம் | ஞாயிறு, காலை 9:05

வாழ்த்துகள். முடக்கச் சொன்னது என் தவறுதான். ஆனால் ஒரு கேள்வி எனக்கு இன்னும் தீரவில்லை. இவர்கள் கணக்கில் தற்செயலாக இரண்டு ரீல்ஸ் இருந்தன. முகமே காட்ட விரும்பாத ஒருவர் என்ன செய்வார்?

கண்ணன், தரமணி | ஞாயிறு, காலை 9:40

கணக்கு தொடங்கியபோது கொடுத்த மின்னஞ்சல், எண், கருவி ஆகியவற்றை வைத்து நிரூபிக்கும் வழி இருக்கிறது. அதில் வென்றவர்களையும் தெரியும், நான்கு முறை தோற்றவர்களையும் தெரியும்.

ஜெயந்தி, பாரிமுனை | ஞாயிறு, காலை 10:15

அப்படித் தோற்றவர்கள் நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுத்து வழியாக முறையிடலாம். அவருடைய முடிவு திருப்தி தராவிட்டால், 30 நாட்களுக்குள் gac.gov.in தளத்தில் அரசின் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். ஆனால் கணக்கு மீட்பு விஷயத்தில் அது எவ்வளவு விரைவாகப் பயன்படும் என்பதில் எங்கள் அலுவலகத்திலேயே இருவேறு கருத்துகள் உண்டு.

ஆர்.வி.எஸ்., பெரம்பூர் | ஞாயிறு, காலை 11:00

நான் கேள்வியைத் தவறாகப் புரிந்துகொண்டேன், மன்னிக்கவும். அந்த ஆசிரியை அம்மாவின் பணம் என்ன ஆயிற்று?

மந்தைவெளி மீனா | ஞாயிறு, மதியம் 12:20

பணம் சென்ற வங்கிக் கணக்கில் இப்போது 1,140 ரூபாய் மட்டுமே நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாக அவருக்குத் தகவல் வந்திருக்கிறது, ஐயா. அதுவும் எப்போது கைக்கு வரும் என்று சொல்லவில்லை. மீதியை நாங்களே கொடுத்துவிட வேண்டும் என்று அம்மா சொல்கிறார்கள். அவர் வாங்க மறுக்கிறார். நாளை நானும் அம்மாவும் அடையாறுக்குச் செல்கிறோம்.

எனக்குச் செய்தி அனுப்பிய தோழியின் கணக்கு இன்னும் திருடனிடம்தான் இருக்கிறது. நேற்று அவரைத் தொலைபேசியில் பிடித்து, முதலில் ஜிமெயிலின் குப்பைத் தொட்டியைத் திறக்கச் சொல்லியிருக்கிறேன்.